பிரியாணியும் குளிர்பானமும்: செரிமானத்தைத் தாமதப்படுத்துவது எது?

வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஜில்லென்று எதையாவது குடித்தால் சாப்பிட்டது செரிக்காது என்ற எச்சரிக்கையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் குறைவு. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. இறைச்சியிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு குளிரில் உறைந்துவிடும், வயிற்றின் சூடு தணிந்து செரிமானம் நின்றுபோகும், செரிமான நீர் நீர்த்துப் பலமிழக்கும் என்பவை அவை. கைப்பேசியில் சுற்றும் செய்திகள் இன்னும் ஒரு படி மேலே போய், உறைந்த கொழுப்பு குடல் சுவரில் படிந்து நாளடைவில் புற்றுநோயாக மாறும் என்று பயமுறுத்துகின்றன. அதே ஊரில், கனமாகச் சாப்பிட்டுவிட்டு வயிறு திம்மென்று இருந்தால் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக் குடிக்கும் வழக்கமும் உண்டு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் அந்தச் சோடாவும் குளிர்ந்ததுதான். ஆக, ஒரே குளிர்ந்த பாட்டில் ஒருவருக்குச் செரிமானத்தின் எதிரியாகவும் இன்னொருவருக்கு மருந்தாகவும் தெரிகிறது. குளிர்ச்சிக்கு இரைப்பையில் ஒரு விளைவு உண்டு என்பதும், அது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த விளைவு நிமிடக் கணக்கில் முடிந்துபோவது. கனத்த சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கணக்கில் நீடிக்கும் மந்தத்துக்குக் காரணம் தட்டில் இருந்த கொழுப்பும், சாப்பிட்ட அளவும், பாட்டிலில் கரைந்திருந்த சர்க்கரையுமே. நாக்குக்கும் தொண்டைக்கும் பளிச்சென்று தெரிந்தது குளிர்ச்சி மட்டும் என்பதால் பழியும் அதன்மேல் விழுந்துவிட்டது.

இரைப்பைக்குள் குளிர்ந்த நீர் போனால் என்ன ஆகிறது என்பதை முதன்முதலில் நேரடியாகப் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் பியூமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822ஆம் ஆண்டு மெக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் காயம் முழுதாக மூடவில்லை. வயிற்றின் வெளிப்புறத்திலிருந்து நேரே இரைப்பைக்குள் செல்லும் ஒரு துளை அப்படியே நின்றுவிட்டது. அதன் வழியே பியூமாண்ட் உணவை நூலில் கட்டி உள்ளே விட்டார், வெப்பமானியை நுழைத்துப் பார்த்தார், இரைப்பை நீரை வெளியே எடுத்துக் குப்பிகளில் வைத்துச் சோதித்தார். அந்த முடிவுகளை 1833இல் நூலாக வெளியிட்டார். குப்பியில் எடுத்த இரைப்பை நீர் உடல் சூட்டில் இறைச்சியைக் கரைத்தது, குளிரில் வைத்தபோது கரைக்கவில்லை. குளிர்ந்த நீரை இரைப்பைக்குள் ஊற்றியபோது அங்கிருந்த வெப்பநிலை சட்டென இறங்கியது, பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய அரைமணி நேரம் பிடித்தது. குளிர்பானத்தைக் குறை சொல்பவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. செரிமானத்துக்குச் சூடு வேண்டும், குளிர்ந்த நீர் அந்தச் சூட்டைக் குறைக்கிறது என்ற இரண்டு செய்திகளும் இந்தச் சோதனைகளில் இருக்கின்றன. ஆனால் மூன்றாவது செய்தியும் அதே சோதனைகளில் இருக்கிறது. அரைமணி நேரத்தில் சூடு திரும்பிவிடுகிறது. குப்பியில் குளிரில் கிடந்த இரைப்பை நீரும் கெட்டுப்போகவில்லை, சூடேற்றியதும் வேலையைத் தொடங்கியது. குளிர் நொதிகளை அழிப்பதில்லை, மெதுவாக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அவற்றை அழிப்பது கடும் சூடு.

பியூமாண்டின் கண்டுபிடிப்பைப் புதிய கருவிகளோடு மறுபடி அளந்தவர்கள் உண்டு. 1988இல் ‘கட்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆறு பேருக்கு 400 மில்லி ஆரஞ்சுச் சாறு மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் தரப்பட்டது. ஒரு முறை 4 டிகிரி, ஒரு முறை உடல் சூடான 37 டிகிரி, ஒரு முறை 50 டிகிரி. இரைப்பைக்குள் ஒரு சிறு வெப்ப உணரியும், சாறு வெளியேறும் வேகத்தைக் காட்ட மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட அடையாளப் பொருளும் பயன்படுத்தப்பட்டன. குளிர்ந்த சாறு முதலில் மெதுவாகத்தான் வெளியேறியது. ஆனால் இரைப்பையின் வெப்பநிலை 20 முதல் 30 நிமிடங்களுக்குள் உடல் சூட்டுக்குத் திரும்பிவிட்டது. வேகக்குறைவும் அந்தத் தொடக்க நேரத்துக்கே உரியதாக இருந்தது. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான இரண்டு முறைகளில் அளந்தும் ஏறத்தாழ ஒரே கால அளவு கிடைத்திருக்கிறது. ஆறு பேரை வைத்துச் செய்த சோதனை சிறியதுதானே, அதிலும் உணவு இல்லாமல் சாறு மட்டும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெறும் சாறு குடித்தவரின் இரைப்பையில் குளிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வேறெதுவும் இல்லை. உணவு இருந்தால் அந்தக் குளிர்ச்சி இன்னும் நீர்த்துப்போகும். ஆகவே கனத்த சாப்பாட்டைப் பொறுத்தவரை, இந்தச் சோதனை குளிர்ச்சியின் பலத்தைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்ல முடியாது.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவர் 600 கிராம் மட்டன் பிரியாணியை மொத்தமாகச் சாப்பிட்டு முடித்து, 5 டிகிரியில் இருக்கும் 300 மில்லி குளிர்பானத்தை ஒரே மூச்சில் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவு உடல் சூட்டில் இருக்கிறது, இரண்டும் முழுதாகக் கலக்கின்றன, இரைப்பைச் சுவர் கொஞ்சமும் சூடு தரவில்லை என்று எல்லாவற்றையும் குளிர்ச்சிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாலும், கலவையின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்கும். அதாவது மார்கழிக் காலையில் சென்னையில் இருக்கும் குழாய்த் தண்ணீரின் அளவு. உண்மையில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. சாப்பிடச் சாப்பிட மிடறு மிடறாகக் குடிப்பார்கள், வாயிலும் உணவுக்குழாயிலும் பானம் கொஞ்சம் சூடேறிவிடும், இரைப்பையைச் சுற்றி ஓடும் ரத்தம் இடைவிடாமல் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த 300 மில்லியை உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் மொத்தமே சுமார் 10 கலோரி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஒரு மணி நேரத்தில் அதைப்போல் ஆறேழு மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. இருந்தாலும் கடுமையாகவே கணக்கிடுவோம். அரைமணி நேரம் முழுவதும் செரிமானம் பாதி வேகத்தில் நடந்தது என்று வைத்தால், இழப்பு 15 நிமிடம். அந்த 15 நிமிடமும் முழு இழப்பு இல்லை. திட உணவு இரைப்பைக்குள் போனதும் உடனே சிறுகுடலுக்குத் தள்ளப்படுவதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக அரைபட்ட பிறகுதான் இரைப்பையின் கீழ்வாயில் அதற்கு வழிவிடும், அதற்கு முன் 20, 30 நிமிடங்கள் இரைப்பையிலிருந்து திட உணவு பெரும்பாலும் வெளியேறுவதே கிடையாது. குளிர்ச்சி நிலவும் நேரமும் இந்தக் காத்திருப்பு நேரமும் பெரிதும் ஒன்றாகவே விழுகின்றன.

கொழுப்பு உறைவதைப் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. மட்டன் குழம்பு ஊற்றிய தட்டைக் குளிர்ந்த நீரில் கழுவியவர்கள் அதில் வெள்ளையாகப் படிந்து வழுக்கும் கொழுப்பைப் பார்த்திருப்பார்கள். தட்டில் நடப்பது வயிற்றிலும் நடக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கொழுப்பின் குணத்தைக் கவனித்தால் வாதம் தலைகீழாகிறது. ஆட்டுக் கொழுப்பு உருகுவதற்கு 44 டிகிரிக்கும் மேல் வேண்டும். அதாவது நம் உடல் சூட்டிலேயே அது முழுதாக உருகிய நிலையில் இருக்க முடியாது. உறைந்த கொழுப்பு செரிக்காது என்றால், வெந்நீர் குடித்தவருக்கும் மட்டன் செரிக்கக் கூடாது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைச் செரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணம், கொழுப்பைச் செரிக்க உடல் அதை உருக்கி வைப்பதை நம்பியிருக்கவில்லை. இரைப்பையின் பிசைவில் கொழுப்பு துளித்துளியாக உடைகிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் அந்தத் துளிகளை இன்னும் நுண்ணியதாக்கி நீரோடு கலக்கும்படி செய்கிறது. கணையத்திலிருந்து வரும் நொதி அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அறுக்கிறது. உண்ட கொழுப்பில் 95 விழுக்காடு அளவுக்கு ஆரோக்கியமான உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த முக்கிய வேலை நடப்பது இரைப்பையைத் தாண்டிய பிறகு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்குள் குளிர்பானத்தின் குளிர்ச்சி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பிரியாணியில் ஊற்றும் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 25 டிகிரியில் உறைவதே இல்லை. நெய்யும் டால்டாவும் சற்று இறுகலாம், இருபது முப்பது நிமிடத்தில் பழையபடி இளகிவிடும். குடல் சுவரில் படிந்து புற்றுநோயாகும் என்ற கதைக்கு இடமே இல்லை. குடலின் உள்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. அங்கே எதுவும் ஆண்டுக்கணக்கில் பூச்சாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. பயந்த மனத்தில் சுலபமாக ஒட்டிக்கொள்வதால், இந்தப் பொய்யைப் பொய் என்று உரக்கச் சொல்வது அவசியம்.

செரிமான நீர் நீர்த்துப்போகும் என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. இரைப்பை அமிலத்தின் வீரியத்தைப் பெருமளவு தணிப்பது முதலில் உணவேதான். சோறும் இறைச்சியும் உள்ளே போனதும் அமிலத்தன்மை சட்டென்று குறைகிறது, இரைப்பை மேலும் மேலும் அமிலம் சுரந்து அதை ஈடுகட்டுகிறது. ஒரு நாளில் அது சுரக்கும் நீர் இரண்டு லிட்டர் அளவுக்கு வரும். ஒரு தம்ளர் தண்ணீர் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடாது. வெறும் தண்ணீர் என்றால் அதில் பாதி கால் மணி நேரத்துக்குள் சிறுகுடலுக்குப் போய்விடும். நீர்த்துப்போவது குளிர்ந்த நீருக்கு மட்டும் உரிய குற்றமும் இல்லை, வெந்நீருக்கும் ரசத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

அப்படியென்றால், சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்தும் வயிறு கல்லாக இருக்கிறதே, அது ஏன்? இரைப்பை தன் சரக்கை வெளியே அனுப்புவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிறுகுடல் தாங்கும் வேகத்துக்கு மேல் அது அனுப்புவதில்லை. அந்த வேகம் பொதுவாக நிமிடத்துக்கு இரண்டு மூன்று கலோரி அளவில் நிற்கிறது. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பையின் கீழ்வாயிலை இறுக்கி, பிசைவைத் தணித்து, ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்கிறது. நம் உதாரணத்தில் 600 கிராம் மட்டன் பிரியாணிக்கு 1000 கலோரி என்று எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு மூன்று கலோரி வீதம் அது இரைப்பையைக் காலி செய்யவே ஐந்தரை மணி நேரம் ஆகும். அத்தோடு குடித்த 300 மில்லி கோலாவைப் பாருங்கள். வழக்கமான சர்க்கரைக் கோலாவில் நூறு மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். பாட்டிலுக்கு 30 கிராமைத் தாண்டிய சர்க்கரை, 130 கலோரியை ஒட்டிய சுமை. திரவமும் திடமும் ஒரே வரிசையில் நின்று வெளியேறுவதில்லை என்பதால் இதை அப்படியே கூட்டிச் சொல்வது துல்லியம் ஆகாது. ஆனால் அதே வேகத்தில் பார்த்தால் அந்தச் சர்க்கரை கூட்டும் வேலை முக்கால் மணி நேர அளவுக்கு வருகிறது. குளிர்ச்சிக்கு முழுச் சலுகை கொடுத்தும் நமக்குக் கிடைத்தது கால் மணி நேரம்தான். அதே கோலாவை வெயிலில் வைத்துச் சூடாக்கிக் குடித்தாலும் சர்க்கரையின் முக்கால் மணி அப்படியே இருக்கும். குளிர்ந்த வெறும் தண்ணீரைக் குடித்தால் அது இருக்காது.

பானத்தின் சூட்டைவிட அதில் கரைந்திருப்பதுதான் முக்கியம் என்பதற்கு நம் நம்பிக்கையைப் போன்ற ஒன்றை நேரடியாக எடுத்துக்கொண்ட ஒரு சோதனை சுவிட்சர்லாந்தில் நடந்திருக்கிறது. அங்கே உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டித் துண்டுகளைத் தோய்த்துத் தின்னும் ஃபோண்டூ என்ற கனத்த உணவு உண்டு. அதோடு குளிர்ந்த நீர் குடித்தால் பாலாடைக்கட்டி வயிற்றில் உருண்டையாகத் திரண்டுவிடும், வெள்ளை ஒயினோ சூடான தேநீரோதான் குடிக்க வேண்டும், கடைசியில் ஒரு மிடறு சாராயம் குடித்தால் செரித்துவிடும் என்பது அவர்கள் பேச்சு. நம்மூர்க் கொழுப்பு உறையும் கதையின் உடன்பிறப்பு இது. ஜூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருபது பேரை வைத்து இதைச் சோதித்து 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஃபோண்டூவோடு ஒரு நாள் ஒயின், இன்னொரு நாள் கறுப்புத் தேநீர், பிறகு சாராயம் அல்லது தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, மூச்சில் வெளிவரும் அடையாளக் கார்பனை வைத்து இரைப்பை காலியாகும் வேகத்தைக் கணித்தார்கள். மது அதிகமாக ஆக இரைப்பை காலியாவது தாமதமானது. செரிக்க உதவும் என்று நம்பப்பட்ட சாராயம் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தது. குளிர்ந்த நீரை அவர்கள் தனியே சோதிக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இந்த வாதத்துக்கு வேண்டிய இன்னொரு செய்தி அதில் கிடைக்கிறது. இரைப்பை காலியாவது இவ்வளவு வேறுபட்டும், வயிறு கனம், குமட்டல் போன்ற உணர்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெதுவாகச் செரிப்பதும், மெதுவாகச் செரிப்பதாக உணர்வதும் இரண்டு வேறு விஷயங்கள். வயிறு சொல்வதை வைத்துச் செரிமான வேகத்தைக் கணிக்க முடியாது.

சோடாவின் புகழும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. சோடா குடித்ததும் பெரிதாக ஒரு ஏப்பம் வருகிறது, இறுக்கம் தளர்ந்த மாதிரி இருக்கிறது. அந்த ஏப்பத்தில் வெளியேறும் காற்றில் பெரும்பங்கு சோடாவே கொண்டுவந்தது. சோடா நீரோடு சாப்பிட்டவர்களைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வில், இரைப்பை காலியாகும் மொத்த நேரம் மாறவில்லை. உணவு இரைப்பையின் மேற்பகுதியில் கூடுதல் நேரம் தங்கியது மட்டும் தெரிந்தது. மேற்பகுதி விரிந்தால் சிலருக்கு நிறைவும் ஏப்பமும் வரும், வேறு சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்வாயில் தளர்ந்து அமிலம் மேலேறி நெஞ்சு கரிக்கும். நெஞ்சு கரிப்பவர் குளிர்ந்த கோலாவைக் குறை சொல்லும்போது அவர் அனுபவம் பொய்யில்லை. குற்றவாளி குளிர்ச்சி இல்லை, வாயுவும், நிரம்பி வழியும் அளவும், கொழுப்பும்தான். இதை அவரே பிரித்தறியலாம். அதே சாப்பாட்டை அதே அளவில் சாப்பிட்டு, ஒரு நாள் குளிர்ந்த வெறும் தண்ணீரும், இன்னொரு நாள் குளிர் போன கோலாவும் அதே அளவு குடித்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தொந்தரவு வராமல் குளிரில்லாத கோலாவில் வந்தால், பதில் கிடைத்துவிடும்.

மரபு சொல்வதை இவ்வளவு சுலபமாக ஒதுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செரிமானத்தை வயிற்றுத் தீயாகப் பார்க்கும் மருத்துவ மரபில் குளிர்ச்சி அந்தத் தீயை அவிக்கும் என்ற எண்ணம் இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் மரபைக் கவனமாகப் படித்தால் அதன் கவலை முதலில் அளவைப் பற்றியது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வயிற்றுத் தீயின் அளவு அறியாமல் மிகுதியாக உண்பவனுக்கு நோய் அளவின்றி வரும் என்று எச்சரிக்கிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்கிறது. நிமிடத்துக்கு இத்தனை கலோரி என்று இன்றைய உடலியல் சொல்வதும் ஏறக்குறைய அதே செய்திதான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் நிலத்தில் குளிர்ந்த நீர் என்பது மண்பானை நீர். அது சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரிகளே குளிர்ந்திருக்கும். சென்னையில் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டதே 1842இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்காக. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது அதற்கும் மிகப் பின்னால். 4 டிகிரிக் கோலாவைப் பற்றிப் பழைய மருத்துவம் தீர்ப்புச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே இன்றைய எச்சரிக்கையைப் பழைய மருத்துவத்தின் பெயரில் சொல்வது அதற்கு நேர்மை செய்வதாகாது.

குளிர்ச்சி எந்த வேலையும் செய்வதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், 500 மில்லி தண்ணீரை 2 டிகிரியில் குடித்தவர்களின் இரைப்பைச் சுருக்கங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, சிறிது நேரம் கழித்துச் சாப்பிட்டபோது அவர்கள் உண்ட அளவும் குறைந்தது. குளிர்ந்த நீர் இரைப்பையைச் சற்று அமைதிப்படுத்துகிறது என்று இதை வாசிக்கலாம். வேகமாகக் கவிழ்த்துக் குடிக்கும்போது உள்ளே போகும் காற்றும், தொண்டையில் ஏற்படும் சுருக்கமும் இதோடு சேர்ந்தால் ‘அடைத்துக்கொண்டது’ என்ற உணர்வு வருவது வியப்பில்லை. நீண்டநாள் சர்க்கரை நோயால் இரைப்பை நரம்புகள் தளர்ந்தவர்களுக்கு இரைப்பை ஏற்கெனவே மெதுவாகக் காலியாகிறது. அவர்கள் தவிர்க்க வேண்டியவை ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடுவதும், கொழுப்பும், இனிப்புப் பானமும். குளிர்ச்சியே உண்மையான எதிரியாக இருக்கும் ஒரு கூட்டம் உண்டு. உணவுக்குழாயின் கீழ்வாயில் தானாகத் தளராத அகலேசியா என்ற நோய் உள்ளவர்கள் அவர்கள். குளிர்ந்த நீர் அந்த வாயிலை மேலும் இறுக்குகிறது, இதமான சூட்டில் உள்ள நீர் தளர்த்துகிறது. இவர்களுக்குத் தடை இரைப்பையில் இல்லை, அதற்கு மேலேயே இருக்கிறது. சோறு மட்டுமல்லாமல் தண்ணீரும் நெஞ்சுக்குள் நின்று இறங்குவது, படுக்கும்போது செரிக்காத உணவு புளிப்பில்லாமல் மேலே வருவது, குளிர்ந்தது குடித்தால் நெஞ்சு வலிப்பது, எடை குறைவது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், அதை வாயு என்று சொல்லிச் சுக்கு வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் இரைப்பை குடல் மருத்துவரிடம் காட்டி எண்டோஸ்கோபியும் உணவுக்குழாய் அழுத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.